மூன்று வயதுப் படத்தில் பதினைந்து வயது முகம் இல்லை

சென்னையில் 2011-ல் வீட்டு வாசலில் விளையாடிக்கொண்டிருந்த ஒரு பெண்குழந்தை காணாமல்போனது. வயது இரண்டு. தேடல் ஆண்டுக்கணக்கில் நீண்டது. கடைசியில் குழந்தையின் சிறுவயதுப் படத்தைச் செயற்கை நுண்ணறிவு மென்பொருளில் கொடுத்து, பதினான்கு வயதில் அவள் எப்படி இருப்பாள் என்று ஒரு முகத்தை உருவாக்கி வெளியிட்டார்கள். தெளிவான கண்கள், படிய வாரிய தலைமுடி, லேசான புன்னகை. கேமரா முன்னால் உட்காரவைத்து எடுத்த பள்ளி அடையாள அட்டைப் படம் என்றே யாரும் நினைப்பார்கள்.

இப்படிப்பட்ட படங்கள் இப்போது கீரனூர் வரை கைப்பேசியில் வந்துசேர்கின்றன. பேருந்து நிலையத்தில் திருச்சி வண்டிக்குக் காத்திருப்பவர்கள் பார்க்கிறார்கள், நாலு பேருக்கு அனுப்புகிறார்கள். அனுப்புபவர்கள் எல்லோரும் நல்ல மனத்தோடுதான் அனுப்புகிறார்கள். எனக்கு இருக்கும் கவலை அந்தப் படத்தைப் பற்றியது. அது எந்த அளவுக்குத் தெரிந்ததைச் சொல்கிறது, எந்த அளவுக்கு ஊகத்தைச் சொல்கிறது என்பது அதில் எங்கேயும் எழுதப்படுவதில்லை. பார்ப்பவர் அதைப் புகைப்படம் என்று எடுத்துக்கொள்கிறார். உண்மையில் அந்த முகத்தோடு உலகில் யாரும் இல்லாமலும் இருக்கலாம்.

வயது கூட்டி முகம் வரைவது புதிய கலை அல்ல. அமெரிக்காவில் காணாமல்போன குழந்தைகளுக்காக 1984-ல் தொடங்கிய தேசிய மையம் நெடுங்காலமாக இதைச் செய்துவருகிறது. அங்கே தனிப் பயிற்சி பெற்ற ஓவியர்கள் இருக்கிறார்கள். ஒரு குழந்தைக்கு ஒரே ஒரு படம் வரைந்து அவர்கள் நிறுத்திக்கொள்வதில்லை. பதினெட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதன் பிறகு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையும் புதிதாக வரைகிறார்கள். நேற்று வரைந்தது இன்றைக்கு உதவாது என்பதை அந்தத் தொழிலில் இருப்பவர்களே ஒப்புக்கொண்டு வைத்திருக்கும் ஏற்பாடு அது.

அவர்கள் செய்யும் வேலையை ஒரு கற்பனைக் குழந்தையை வைத்துப் பார்ப்போம். கீரனூரில் ஒரு வீட்டில் மூன்று வயதுப் பெண்குழந்தை இருக்கிறது, காதுகுத்துக்கு ஸ்டுடியோவில் எடுத்த ஒரு படமும் அம்மா கைப்பேசியில் எடுத்த ஒன்றிரண்டு படங்களும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். இவற்றிலிருந்து அவளுடைய பதினைந்து வயது முகத்தை வரைய வேண்டும்.

முதல் சிக்கல் மூலப்படத்திலேயே தொடங்கிவிடுகிறது. கைப்பேசியை முகத்துக்குக் கிட்டே பிடித்து எடுத்தால் மூக்கும் நெற்றியும் பெரிதாகும், காதுகள் பின்னுக்குப் போகும். அதே குழந்தையை ஆறடி தள்ளி நின்று எடுத்தால் முகத்தின் அளவு விகிதமே வேறாகத் தெரியும். இரண்டில் எது அவளுடைய முகம்? ஸ்டுடியோ படத்தில் இன்னொரு தொல்லை. நம் ஊர்ப் பக்கம் படத்தைக் கழுவிக் கொடுத்த காலத்திலும் சரி, கணினியில் திருத்தும் இந்தக் காலத்திலும் சரி, குழந்தையின் நிறத்தைக் கொஞ்சம் ஏற்றிக் கொடுப்பது வழக்கம். கன்னத்துச் சொரசொரப்பு, சின்னத் தழும்பு எல்லாம் அந்தத் திருத்தத்தில் காணாமல்போகும். கன்னத்தில் வைத்த திருஷ்டிப் பொட்டு மட்டும் அப்படியே நிற்கும். குழந்தையைப் பார்த்தே இராத ஓவியருக்கோ மென்பொருளுக்கோ அது மையா மச்சமா என்று தெரியாது. பிறகு அந்தப் படம் சுவரொட்டிக்குப் போகும்போது கட்டத்துக்குள் அடங்க வேண்டும் என்பதற்காக அகலத்தில் நெருக்கப்படும், அல்லது நீளத்தில் இழுக்கப்படும். காவல் நிலையப் பலகையில் ஒட்டியிருக்கும் அறிவிப்புகளை நின்று பாருங்கள், இப்படிச் சப்பிப்போன முகங்கள் கட்டாயம் இருக்கும்.

படம் நல்ல படமாகவே இருக்கிறது என்று கொள்வோம். அடுத்தது வளர்ச்சி. குழந்தையின் தலை எல்லாப் பக்கமும் ஒரே சீராக வளர்வதில்லை. மண்டைப் பகுதி முந்திக்கொள்ளும், முகம் பின்தங்கும். பிறந்த குழந்தைக்கு மண்டையோட்டில் மூளை இருக்கும் பகுதி முகப்பகுதியைப்போல ஏறக்குறைய எட்டு மடங்கு பெரியது. வளர்ந்தவருக்கு அது இரண்டு, இரண்டரை மடங்குதான். ஐந்தாறு வயதில் மூளை ஏறக்குறைய முழு அளவை எட்டிவிடும். கண்விழியும் பெரும்பாலும் வளர்ந்து முடித்திருக்கும். அதனால்தான் குழந்தைகளுக்கு முகத்தில் கண் மட்டும் பெரிதாகத் தெரிகிறது. நம் மூன்று வயதுக் குழந்தையின் படத்தில் நெற்றியும் கண்ணும் மட்டுமே ஓரளவு நிலைபெற்றவை. கண்களுக்கிடையே உள்ள இடைவெளி, புருவத்தின் போக்கு, காதின் மடிப்பு ஆகியவற்றை வைத்து ஓவியர் ஓரளவு துணிந்து பேசலாம்.

கண்ணுக்குக் கீழே உள்ள முகம் இன்னும் உருவாகவே இல்லை. மூக்கின் பாலம் எழும்ப வேண்டும். கன்னத்துக் கொழுப்பு வற்ற வேண்டும். ஆறு ஏழு வயதில் பால்பற்கள் விழுந்து, அவற்றைவிடப் பெரிய பற்கள் முளைக்க வேண்டும். பன்னிரண்டு பதின்மூன்று வயதில் வாய் முழுக்க நிலைப்பற்கள் வந்து உதடுகள் உட்காரும் விதத்தையே மாற்ற வேண்டும். எல்லாவற்றுக்கும் கடைசியில் வளர்வது கீழ்த்தாடை. பெண்பிள்ளைகளுக்குப் பருவமடையும் காலத்தை ஒட்டியும், பையன்களுக்கு அதற்கு ஓரிரு ஆண்டு பிந்தியும் அது வேகமெடுக்கிறது. பையன்களுக்குப் பதினெட்டைத் தாண்டியும்கூட வளர்ச்சி நீள்வதுண்டு. எவ்வளவு நீளும், முன்னுக்கு நீளுமா, கீழ்நோக்கி இறங்குமா என்பதற்கான விடை மூன்று வயதுப் படத்தில் இல்லை. வீட்டுக்கு வரும் விருந்தினர் பத்து வயதுப் பையனைப் பார்த்துவிட்டு, பதினாறில் பார்க்கும்போது "அட, இவனா அவன்!" என்று வியப்பது இந்தத் தாடையால்தான்.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் ஓவியர்கள் குடும்பப் படங்களைக் கேட்கிறார்கள். அம்மாவும் அப்பாவும் பதினைந்து வயதில் எப்படி இருந்தார்கள், அக்கா அண்ணன் எப்படி இருக்கிறார்கள் என்று பார்த்து, அந்தச் சாயலைக் குழந்தையின் முகத்தில் ஏற்றுகிறார்கள். கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் யாருடைய சாயலை ஏற்றுவது? ஒரே வயிற்றில் பிறந்த மூன்று பிள்ளைகளில் ஒருத்தி அப்பாவை உரித்துவைத்திருப்பாள், ஒருவன் தாய்மாமனைக் கொண்டிருப்பான், இன்னொருத்தி யாரையும் கொண்டிருக்க மாட்டாள். சின்ன வயதில் அம்மா ஜாடை என்று எல்லோரும் சொன்ன பிள்ளை, பதினெட்டில் அப்பத்தாவின் முகத்தோடு நிற்பதைப் பார்க்காத குடும்பம் உண்டா? தாய் தந்தை இருவரையும் பாதிப் பாதி கலந்து வரைந்தால் கணக்கு சரியாக இருக்கும். ஆனால் பிள்ளைகள் அந்தக் கணக்குப்படி வருவதில்லை. நம் பக்கத்தில் இன்னொரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. இன்றைக்கு நாற்பது, ஐம்பது வயதில் இருக்கும் எத்தனை தாய்மார்களிடம் அவர்களுடைய பதினைந்து வயதுப் படம் இருக்கும்? பலருக்கு முதல் நல்ல படமே கல்யாண ஆல்பத்தில்தான்.

இதோடு முடிந்ததா என்றால் இல்லை. என்னை அதிகம் உறுத்துவது இனிமேல் சொல்லப்போவதுதான். ஓவியரோ மென்பொருளோ வரையும் அந்தப் பதினைந்து வயதுப் பெண், தன் வீட்டிலேயே இருந்து வளர்ந்த பெண். நேரத்துக்குச் சாப்பிட்டவள், எண்ணெய் வைத்துத் தலை பின்னிக்கொண்டவள், பல்வலி வந்தால் மருத்துவரிடம் அழைத்துப்போகப்பட்டவள். காணாமல்போன குழந்தை வாழ்ந்தது அந்த வாழ்க்கையை அல்ல. அவளுக்கு மொட்டையடித்திருக்கலாம். சத்தில்லாத உணவால் வளர்ச்சியே தள்ளிப்போயிருக்கலாம். வெயிலில் வேலை செய்து நிறம் மாறியிருக்கலாம். ஆறுதலுக்கு ஆளின்றிப் பல ஆண்டுகள் விரல் சூப்பி முன்பற்கள் வெளியே வந்திருக்கலாம். மூக்கடைப்பும் அடிநாய்ட் வீக்கமும் கவனிக்கப்படாமல், எப்போதும் வாயால் மூச்சுவிட்டு முகமே நீண்டிருக்கலாம். அல்லது இதற்கெல்லாம் நேர்மாறாக, வசதியான வீட்டில் தத்துப்பிள்ளையாகக் கன்னம் புடைக்க வளர்ந்திருக்கலாம். பல் வரிசையைக் கம்பி போட்டுத் திருத்தியிருக்கலாம், கண்ணாடி அணிந்திருக்கலாம், பேச்சும் பெயரும் வேறாகியிருக்கலாம். இவற்றில் எது நடந்தது என்று தெரியாதபோது எந்த முகத்தை வரைவது? தெரியாததை விட்டுவிட்டு வரைவதால்தான் எல்லா வயது கூட்டிய படங்களும் ஆரோக்கியமான, சாதாரணமான, கொஞ்சம் சிரித்த முகங்களாகவே வந்துசேர்கின்றன.

சரி, துல்லியமாக இல்லாவிட்டாலும் பழைய படத்தைவிட இது மேல் அல்லவா, ஏதோ ஒரு குறிப்பாவது கொடுக்குமே என்று கேட்கலாம். எனக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும், அதைச் சோதித்துப் பார்த்தவர்களின் முடிவுகளைப் படிக்காமல் இருந்திருந்தால். அமெரிக்காவின் ஆர்கன்சா பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் லாம்பினன் என்ற உளவியலாளரின் குழு 2012-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. சிலருக்குக் குழந்தையின் பழைய படத்தையும் சிலருக்கு வயது கூட்டிய படத்தையும் காட்டி, பிறகு வளர்ந்த ஆளை அடையாளம் காண முடிகிறதா என்று பார்த்தார்கள். வயது கூட்டிய படம் பழைய படத்தைவிடக் கூடுதலாக உதவவில்லை. அதே ஆண்டில் ஸ்டீவ் சார்மன் என்ற ஆய்வாளர் தன் சகாவோடு வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. வயது கூட்டிய படம் தேடலைக் கெடுக்கவும் கூடும் என்றது அது. காரணத்தை யோசித்தால் எளிதாகப் புரிகிறது. அந்தப் படத்தில் இருப்பது பொதுவான ஒரு பதினைந்து வயது முகம். பார்ப்பவருக்கு அதைப் போன்றவர்கள் தெருவுக்கு நாலு பேர் கிடைப்பார்கள். பொருந்தக்கூடியவர்களின் எண்ணிக்கை கூடுகிறது, உண்மையான ஆள் அந்தக் கூட்டத்தில் மறைந்துபோகிறாள்.

இது எப்படி நடக்கும் என்பதற்கு உலகமே பார்த்த உதாரணம் மெடலின் மெக்கேன். போர்ச்சுகலில் விடுமுறைக்குப் போன இடத்தில், 2007 மே 3 அன்று, நான்கு வயது நிறையச் சில நாட்கள் இருக்கும்போது காணாமல்போன பிரிட்டிஷ் சிறுமி. 2009-ல் ஆறு வயது முகம் ஒன்றை வெளியிட்டார்கள். 2012-ல் லண்டன் காவல்துறை ஒன்பது வயது முகத்தை வெளியிட்டது. அவளைப் பார்த்தோம் என்று உலகின் பல மூலைகளிலிருந்தும் தகவல்கள் வந்துகொண்டே இருந்தன. ஒன்றும் அவளிடம் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. 2023-ல் போலந்து நாட்டு இளம்பெண் ஒருவர், தானே அந்தச் சிறுமி என்று தன் படங்களையும் சிறுமியின் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். லட்சக்கணக்கானோர் பார்த்து, ஒற்றுமை இருக்கிறது என்று வாதாடினார்கள். டி.என்.ஏ. சோதனை இல்லை என்று சொல்லிவிட்டது. அந்தச் சிறுமியின் வலது கண் கருவிழியில் பிறவியிலேயே ஒரு கீற்று இருந்தது. அவளைப் பற்றி வெளியான குறிப்புகளில் ஊகம் கலக்காதது அதுதான். வயது ஏறினாலும் அந்தக் கீற்று இடம் மாறாது.

பன்னிரண்டு ஆண்டு இடைவெளியை விடுங்கள், சில வாரங்களே ஆனாலும் முகம் சாட்சி சொல்லப் போதாது என்பதை நம் பக்கத்துக் கடலே காட்டியிருக்கிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு இலங்கையின் கல்முனை மருத்துவமனைக்கு ஒரு கைக்குழந்தை கொண்டுவரப்பட்டது. அன்றைக்கு அங்கே சேர்க்கப்பட்டவர்களில் 81-வது என்பதால் "பேபி 81" என்றே செய்திகளில் அழைக்கப்பட்டது. பிள்ளையைப் பறிகொடுத்த பலர், அது தங்கள் குழந்தை என்று உரிமை கோரியதாக அப்போது செய்திகள் வந்தன. அப்படிக் கோரியிருந்தால், அவர்கள் பொய் சொன்னார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்தத் துக்கத்தில் எந்தக் கைக்குழந்தையின் முகமும் தன் குழந்தையின் முகமாகத் தெரியும். நீதிமன்றம் மரபணுச் சோதனைக்கு உத்தரவிட்டது. 2005 பிப்ரவரியில் முடிவு வந்து, உண்மையான பெற்றோரிடம் குழந்தை போய்ச் சேர்ந்தது.

இயந்திரம் மனிதரைவிட நன்றாகப் பார்க்காதா என்றால், அதற்கும் நம் நாட்டிலேயே விடை இருக்கிறது. 2018-ல் டெல்லி காவல்துறை முக அடையாள மென்பொருள் ஒன்றைச் சோதித்தபோது, காணாமல்போன குழந்தைகளின் படங்களைக் காப்பகங்களில் உள்ள குழந்தைகளின் படங்களோடு ஒப்பிட்டு, நான்கே நாளில் மூவாயிரத்தை ஒட்டிய எண்ணிக்கையில் பொருத்தம் கிடைத்ததாகச் செய்தி வந்தது. நாடே மகிழ்ந்தது. அடுத்த ஆண்டு அதே டெல்லியின் உயர் நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது வேறு கதை. அந்த மென்பொருளின் துல்லியம் ஒரு சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கிறது, பையன் எது பெண் எது என்றுகூட அதற்குச் சரியாகப் பிரிக்கத் தெரியவில்லை என்று மத்திய மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகமே தெரிவித்தது. அனில் ஜெயின் என்ற புகழ்பெற்ற ஆய்வாளரின் குழு, இரண்டு முதல் பதினெட்டு வயது வரையிலான 919 குழந்தைகளின் 3,682 படங்களை வைத்து ஆராய்ந்தபோதும், இரண்டு படங்களுக்கு இடையே ஆண்டுகள் கூடக் கூடப் பொருத்தம் குறைந்துகொண்டே போனதைக் கண்டது. இத்தனைக்கும் அங்கே ஒப்பிடப்பட்டவை இரண்டும் உண்மையான படங்கள். ஒரு பக்கம் ஊகித்து உண்டாக்கிய படத்தை வைத்துக்கொண்டு தேடினால் பிழை இன்னும் பெருகும்.

புதிய செயற்கை நுண்ணறிவுப் படங்களில் எனக்கு இருக்கும் தனி மனக்குறை ஒன்றைச் சொல்ல வேண்டும். முன்பு பென்சிலால் வரைந்த முகத்தைப் பார்த்தால், இது யாரோ ஊகித்து வரைந்தது என்று பார்த்தவுடன் தெரிந்தது. அந்தக் கோடுகளே எச்சரிக்கையாக இருந்தன. இன்றைய மென்பொருள் தோலின் துளைகளையும் கண்ணில் விழும் வெளிச்சத்தையும் சேர்த்துக் கொடுக்கிறது. தெரியாத இடத்தை வெறுமையாக விடுவதே இல்லை. தான் பழகிய லட்சக்கணக்கான அந்நிய முகங்களிலிருந்து ஒரு தாடையையும் ஒரு மூக்கையும் எடுத்து நிரப்பிவிடுகிறது. அதே படத்தை மறுபடி கொடுத்தால் வேறொரு தாடை வரும். வெளியிடுபவர்கள் அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதை மட்டும் நமக்குக் காட்டுகிறார்கள்.

இந்தத் தவறான உறுதி எங்கே கொண்டுபோய் விடும் என்று தமிழ்நாட்டுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2018 மே மாதம், பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று வாட்ஸ்அப்பில் பரவிய வதந்தியை நம்பி, போளூர் அருகே குலதெய்வக் கோயிலுக்குக் காரில் வந்த ஒரு குடும்பத்தை ஊரே சூழ்ந்து அடித்தது. குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த குற்றத்துக்காக அறுபதைத் தாண்டிய ஒரு மூதாட்டி உயிரிழந்தார். அன்றைக்கு முகப்படம்கூடத் தேவைப்படவில்லை. இன்று நார்த்தாமலைத் திருவிழாக் கூட்டத்தில், கறுத்த தாயின் இடுப்பில் சிவந்த குழந்தை இருந்தால் "இது யார் பிள்ளை?" என்று கேட்கும் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் கையில் அச்சு அசலான ஒரு "காணாமல்போன" முகத்தையும் கொடுத்தால் என்ன ஆகும் என்று வெளியிடுபவர்கள் யோசிக்க வேண்டும்.

அப்படியானால் கைகட்டி உட்கார்ந்திருப்பதா? இல்லை. முகத்தை முன்னோக்கித் தள்ளுவதற்குப் பதிலாகப் பதிவுகளைப் பின்னோக்கித் தேட வேண்டும் என்பதே நான் சொல்ல வருவது. மூன்று வயதுப் படத்தோடு ஒப்பிட வேண்டியது அதே வயதில் எடுத்த இன்னொரு படம்தான்.

நியூயார்க் ஹார்லம் மருத்துவமனையிலிருந்து 1987-ல் பிறந்து மூன்று வாரம்கூட ஆகாத ஒரு பெண்குழந்தை கடத்தப்பட்டது. வேறு பெயரில், வேறு ஊரில் வளர்ந்த அந்தப் பெண்ணுக்குத் தன்னை வளர்த்தவர் தன் தாய்தானா என்று சந்தேகம் வந்தது. இருபத்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, காணாமல்போன குழந்தைகளுக்கான மையத்தின் பக்கங்களில் தேடும்போது ஒரு கைக்குழந்தைப் படத்தைப் பார்த்தார். தன் கைக்குழந்தைப் படங்களைப் போலவே அது இருந்தது. 2011 ஜனவரியில் டி.என்.ஏ. சோதனை அதை உறுதிசெய்தது. பச்சிளம் குழந்தைப் படம் பச்சிளம் குழந்தைப் படத்தோடு பொருந்தியது. இடையில் யாரும் எதையும் ஊகிக்க வேண்டியிருக்கவில்லை.

நம் நாட்டிலும் அப்படிப்பட்ட படங்கள் இருக்கின்றன. கண்டெடுக்கப்படும் குழந்தை குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுவரப்பட்டுக் காப்பகத்தில் சேர்க்கப்படும்போது படம் எடுக்கப்படுகிறது. தத்துக்கொடுக்கத் தகுதியானது என்று அறிவிப்பதற்கு முன், பெற்றோரைத் தேடிப் படத்தோடு நாளிதழில் அறிவிப்பு கொடுக்க வேண்டும் என்பது விதி. இரண்டு வயது வரையிலான குழந்தைக்கு இரண்டு மாதம், அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு நான்கு மாதம் என்று சட்டம் கெடு வைத்திருக்கிறது. காணாமல்போன குழந்தைகள் எத்தனை பேர் இந்த வழியாக வெளி மாநிலக் காப்பகங்களுக்குப் போயிருப்பார்கள் என்பதைத் தேடிப் பார்க்காமல் தெரிந்துகொள்ள முடியாது. ஒரு குழந்தை 2011-ல் காணாமல்போனால், அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் தமிழகத்திலும் அண்டை மாநிலங்களிலும் காப்பகங்களில் சேர்ந்த, ஏறக்குறைய அதே வயதுக் குழந்தைகளின் சேர்க்கைப் படங்களை எடுத்துப் பார்ப்பதுதான் முதல் வேலை. நாளிதழ் அறிவிப்புகளைத் தேதிவாரியாகப் புரட்டுவது இரண்டாவது வேலை. அலுப்பூட்டும் வேலைதான். செய்தியாகவும் வராது. ஆனால் அதில் பொருந்தினால் பொருந்தியது, இல்லையென்றால் இல்லை.

அதன் கூடவே மரபணு. அர்ஜென்டினாவில் ராணுவ ஆட்சிக் காலத்தில் சிறையில் பிறந்து களவாடப்பட்ட பேரக்குழந்தைகளைத் தேடிய பாட்டிமார்களிடம் அந்தக் குழந்தைகளின் ஒரு படம்கூட இல்லை. பெற்றோரும் உயிரோடு இல்லை. தாத்தா பாட்டியின் ரத்தத்தை வைத்தே உறவை நிறுவ வழி உண்டா என்று அவர்கள் விஞ்ஞானிகளிடம் கேட்டார்கள். மேரி கிளேர் கிங் போன்ற மரபியலாளர்கள் 1984-ல் அந்த வழியை அமைத்துக் கொடுத்தார்கள். 1987-ல் அந்நாட்டு அரசு சட்டம் போட்டு மரபணு வங்கியே தொடங்கியது. குடும்பத்தினர் ரத்த மாதிரியைக் கொடுத்துவைத்தார்கள். சந்தேகம் வந்த இளைஞர்கள் தாங்களாகவே வந்து ஒப்பிட்டுக்கொண்டார்கள். இதுவரை 130-க்கும் மேற்பட்ட பேரப்பிள்ளைகள் அடையாளம் காணப்பட்டிருக்கிறார்கள். காணாமல்போன குழந்தையின் பெற்றோர் இறந்த பிறகும் அந்த மாதிரி பேசும். எந்தப் படத்துக்கும் அந்த ஆயுள் இல்லை.

வயது கூட்டிய படத்தை அறவே ஒழிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மறந்துபோன ஒரு வழக்கை மறுபடி மக்கள் முன் கொண்டுவர அதற்கு வலு உண்டு. பல ஆண்டுகளாகப் பேச்சே இல்லாத ஒரு பிள்ளையின் பெயர் ஒரு நாளாவது பத்திரிகையில் வரும், பெற்றோருக்கு யாரோ தேடுகிறார்கள் என்ற தெம்பு கிடைக்கும். ஆனால் அதை வெளியிடும் முறை மாற வேண்டும். உண்மையான சிறுவயதுப் படம் பெரிதாகவும் ஊகப்படம் சிறிதாகவும் இருக்க வேண்டும். ஊகப்படம் ஒன்றாக இல்லாமல் மூன்று நான்காக இருக்க வேண்டும். ஒல்லியாக ஒன்று, பருமனாக ஒன்று, கூந்தல் நீண்டு ஒன்று, கிராப் வெட்டி ஒன்று என்று வைத்தால் பார்ப்பவர் ஒரே முகத்தில் ஒட்டிக்கொள்ள மாட்டார். "இது கற்பனைப் படம், முகம் வேறு மாதிரி இருக்கலாம்" என்ற வரி படத்துக்குள்ளேயே பதிக்கப்பட வேண்டும். கீழே எழுதினால் வாட்ஸ்அப்பில் வெட்டிவிட்டு அனுப்புவார்கள். தழும்பு, அம்மை வடு, கூடுதல் விரல், கருவிழிக் கீற்று, காதுமடலின் வடிவம், பிறவி மச்சம் என்று மாறாதவை அனைத்தும் எழுத்தில் தெளிவாக வர வேண்டும். எந்த ஆண்டு, யாரால் உருவாக்கப்பட்டது என்ற தேதியும் வேண்டும். இரண்டு மூன்று ஆண்டு கழித்தும் அதே படம் சுற்றினால் அது வேறு யாரோ ஒருத்தியின் படமாகிவிட்டது என்று அர்த்தம்.

பிள்ளையைத் தேடும் பெற்றோரிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கணினி கொடுத்த அந்த முகத்தை மனத்தில் பதித்துக்கொள்ளாதீர்கள். உண்மையில் உங்கள் பிள்ளை ஒருநாள் எதிரே வந்து நின்றால், இது அந்த முகம் இல்லையே என்று கடந்துபோய்விடும் ஆபத்து அதில் இருக்கிறது. உங்களிடம் உள்ள பழைய படங்களைத் திருத்தாத நிலையில், மூலப்பிரதியாகப் பத்திரமாக வையுங்கள். உச்ச நீதிமன்றம் 2013 மே மாதம் தந்த உத்தரவுப்படி, குழந்தை காணாமல்போன புகாரில் முதல் தகவல் அறிக்கை பதிவுசெய்வது கட்டாயம். நான்கு மாதத்தில் கிடைக்காவிட்டால் வழக்கு ஆள்கடத்தல் தடுப்புப் பிரிவுக்குப் போக வேண்டும். போயிருக்கிறதா என்று கேளுங்கள். உங்கள் மரபணு மாதிரியை எடுத்து வழக்கோடு சேர்த்துவைக்கும்படி எழுத்தில் மனு கொடுங்கள்.

மற்ற எல்லாப் பெற்றோருக்கும்: ஆண்டுக்கு ஒருமுறை, பிறந்தநாளன்று, பிள்ளையை ஆறடி தள்ளி நிறுத்தி, பொட்டும் பவுடரும் இல்லாமல் நேராக ஒரு படம், காது தெரியப் பக்கவாட்டில் ஒரு படம், பல் தெரியச் சிரித்து ஒரு படம் எடுத்துவையுங்கள். தழும்புகளை ஒரு தாளில் குறித்துவையுங்கள். கைப்பேசிக்கு வந்த படத்தில் இருப்பதுபோல ஒரு பிள்ளையை எங்காவது பார்த்ததாகத் தோன்றினால், அந்தப் பிள்ளையையும் கூட இருப்பவரையும் நிறுத்திக் கேள்வி கேட்காதீர்கள், படம் எடுத்துப் பரப்பாதீர்கள். இடத்தையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு 1098-ஐ அழையுங்கள்.